சான்றிதழுக்காகக் கட்டிய பணம்

முனைவர் பட்ட இரண்டாம் ஆண்டில் ஒரு 'பன்னாட்டுக் கருத்தரங்கு' அழைப்பு வந்தது. சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டோம் என்றார்கள். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். ரயில், லாட்ஜ் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைத் தாண்டியது. ஆளுக்கு ஐந்து நிமிடம். கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. கையில் மிஞ்சியது சான்றிதழ் மட்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முன்பே கண்டுபிடித்திருக்கலாம். வணிகவியல் முதல் தமிழ் இலக்கியம் வரை எல்லாத் துறைகளும் அந்த அழைப்பில் இருந்தன. நேரில் வராமலே கட்டுரையைச் சேர்க்கத் தனிக் கட்டணமும் இருந்தது. யார் கட்டுரையைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை.

ஏன் போனேன்? யுஜிசியின் 2016 விதிகளின்படி ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். இந்தச் சந்தைக்குத் தீனி போட்டதில் அந்த விதிக்கும் பங்குண்டு. 2022 விதிகளில் அந்த நிபந்தனை இல்லை. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கலாம். சீனியர் சொன்னார் என்று நம்பாமல் விதிமுறையை வாங்கிப் படியுங்கள். உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தேர்வு செய்ய யுஜிசி 2018-இல் தந்த மதிப்பெண் பட்டியலில், இதழில் வெளியான கட்டுரைக்கு 2 மதிப்பெண் உண்டு. கருத்தரங்கில் வாசித்ததற்கு எதுவும் இல்லை.

சங்க உறுப்பினர் கட்டணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆண்டுச் சந்தா 1,000, மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் 2,000, மற்றவர்களுக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். மாநாட்டுக்குப் போனால் கணக்கு நேராகிறது. போகாவிட்டால் ஆயிரமும் நட்டம். கட்டுரை வாசிக்க உறுப்பினராக வேண்டும் என்றால், ஏற்பு வந்த பிறகு கட்டினால் போதுமா என்று கேளுங்கள். ஆயுள் சந்தா பத்து ஆண்டுச் சந்தாவுக்குச் சமமென்றால், வேலை கிடைத்த பிறகு யோசிக்கலாம். இதழ் கிடைக்கும் என்பதற்காகச் சேருவதாக இருந்தால் முதலில் நூலகத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன.

நான் இப்போது ஆண்டுக்கு ஒரு கூட்டத்துக்குத்தான் போகிறேன். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, என் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியவர்களில் இருவராவது வருகிறார்களா, விவாதத்துக்கு நேரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் போவதில்லை.

இன்னொரு சிக்கல், பயணப்படி பின்னால்தான் வரும். முதலில் கைக்காசைப் போட வேண்டும். வீட்டில் பணம் இருப்பவருக்கு அது வெறும் தாமதம், நமக்குக் கடன். கட்டணச் சலுகை கேட்க நான் மூன்றாண்டுகள் கூச்சப்பட்டேன். போன முறை, "எனக்கு நிறுவன உதவி இல்லை, கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா, தங்குமிடம் உண்டா?" என்று பதிவுக்கு முன்பே எழுதினேன். கட்டணத்தில் பாதியைக் குறைத்து, மாணவர் விடுதியில் இடமும் கொடுத்தார்கள்.