எந்த ‘இன்று’? ஆய்வேட்டின் குரலும் கடைசி மாதத்துச் சாயப்பூச்சும்

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஒரு மாதம் இருக்கையில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. ஐந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட ஐந்து இயல்களும் ஒரே கோப்பாக ஒட்டப்படுகின்றன. ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் ‘ஆய்வாளர்’ ஆகிறது. ‘கண்டேன்’ என்பது ‘காணப்படுகிறது’ ஆகிறது. பின்னர் மெய்ப்புப் பார்ப்பவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. “நடை சீராகிவிட்டது” என்று நெறியாளர் ஒப்பமிடுகிறார். இதைச் சீர்மை என்று அழைப்பது பிழை. இது சாயப்பூச்சு, அடியில் உள்ள விரிசல் அப்படியே இருக்கிறது.

எடுத்துரைப்பின் குரல் என்பது தன்மையா படர்க்கையா என்னும் இலக்கணத் தெரிவோடு முடிவதில்லை. பேசுபவர் எந்தக் காலத்தில் நின்று பேசுகிறார், எவ்வளவு தெரிந்தவராகப் பேசுகிறார், தாம் பேசும் மனிதர்களிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்னும் மூன்றும் சேர்ந்ததே குரல். சில மாதங்களில் எழுதி முடிக்கும் கட்டுரையில் இம்மூன்றும் பெரும்பாலும் தாமாகவே மாறாமல் நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் அதிகபட்சமாக ஆறு ஆண்டுகளும் வகுத்துள்ளன. அத்தனை காலத்தில் எழுதுபவரும் மாறுகிறார். எழுதப்படும் உலகமும் மாறுகிறது.

பனாரஸ் பட்டு நெசவாளர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் ஓர் ஆய்வேட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். களப்பணி 2019இல் நடந்தது. மூன்றாம் இயல் அந்த ஆண்டின் இறுதியிலேயே வரைவாகிவிட்டது. ஐந்தாம் இயல் 2022இல் எழுதப்பட்டது. மூன்றாம் இயலில் ஒரு வாக்கியம்: “அனைத்திந்தியக் கைத்தறி வாரியம் அரசுக்கு ஆலோசனை வழங்கி வருகிறது.” எழுதிய நாளில் அது உண்மை. ஆனால் 2020 ஜூலையில் அவ்வாரியம் கலைக்கப்பட்டது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. ‘நான்’ என்னும் சொல் அதில் இல்லாததால் சொல்மாற்றும் சடங்கும் இதைத் தீண்டாது.

அதே இயலில் இன்னொன்று: “இன்று நெசவாளர்கள் தலைமை நெசவாளரிடம் முன்பணம் பெற்றே பாவு ஏற்றுகின்றனர்.” எந்த ‘இன்று’? 2020 மார்ச் 25இல் தொடங்கிய நாடுதழுவிய முடக்கத்திற்கு முந்தைய இன்றா, பிந்தைய இன்றா? ஐந்தாம் இயல் முடக்கத்தால் முன்பண முறை குலைந்ததை விவரிக்குமானால், ஒரே ஆய்வேடு ஒரே நிகழ்காலத்தில் முன்பணம் உண்டு என்றும் இல்லை என்றும் சொல்கிறது. தேர்வாளர் இதை முரண்பாடு என்பார். உண்மையில் முரண்படுவது தரவு அன்று. தேதியை மறைத்துக்கொண்ட இரண்டு குரல்கள்.

களத்தை என்றும் மாறாத நிகழ்காலத்தில் எழுதும் மானிடவியல் வழக்கம், ஆய்வு செய்யப்படுவோரைக் காலத்திற்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்று யோகன்னஸ் ஃபாபியன் 1983இலேயே விரிவாக வாதிட்டார். தமிழ் ஆய்வுநடையில் இவ்வழக்கத்திற்குச் செயப்பாட்டுவினை துணை போகிறது. “கடன்சுமை காணப்படுகிறது” என்னும் போது கண்டவர் மறைகிறார். கண்ட நாளும் மறைகிறது.

இதற்கு மாறான சான்று இந்தியச் சமூகவியலிலேயே உண்டு. எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதியின் ராம்புரா கிராமத்தில் 1948இல் களப்பணி செய்தார். பல ஆண்டுகளாகப் பக்குவப்படுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாயின. நினைவிலிருந்து எழுதிய நூல் ‘தி ரிமெம்பர்டு வில்லேஜ்’ என்று 1976இல் வெளிவந்தது. அந்நூலில் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதில் ஐயமில்லை: பின்னாளில் நின்று 1948ஐ நினைவுகூர்பவர். அந்த நிலைப்பாட்டைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நினைவின் குறைகளைப் பற்றி எவரும் வாதிடலாம்; எந்தக் காலத்தின் குரல் என்று தடுமாற வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது சொல்மாற்றம் அன்று, நிலைப்பாட்டைத் தீர்மானித்தல். அது கடைசி மாதத்து வேலையும் அன்று. முதல் இயலை வரையும்போதே ஒரு பக்கத்தில் நான்கு முடிவுகள் எழுதப்பட வேண்டும்: பேசுபவர் யார், அவருடைய ‘இப்போது’ எந்த மாதம், எந்த ஆண்டு, ஆய்வின் முடிவை முதலிலிருந்தே அறிந்தவராகப் பேசுகிறாரா, தேடுபவராகப் பேசுகிறாரா, களத்தில் சந்தித்தவர்களை எப்படிச் சுட்டுகிறார். நான்காவது முடிவு தமிழில் குறிப்பாக இன்றியமையாதது. மூன்றாம் இயலில் வணிகர் ‘கூறினார்’ என்றும் தறியில் உதவும் இளைஞன் ‘கூறினான்’ என்றும் வந்து, ஐந்தாம் இயலில் இருவரும் ‘தகவலாளி’ ஆகிவிட்டால், மாறியது நடை மட்டுமன்று, மதிப்பும் மாறியிருக்கிறது. ஒவ்வொரு வரைவின் தலையிலும் எழுதிய தேதி இருக்க வேண்டும். இடைவெளிக்குப் பின் எழுதத் தொடங்குபவர் இந்தப் பக்கத்தையும் முந்தைய இயலின் கடைசிச் சில பக்கங்களையும் படித்த பின்னரே தொடங்க வேண்டும்.

இறுதித் திருத்தத்தில் வினைமுற்றுகளை மட்டும் தொடர்ந்து செல்வது பயன்தரும். ‘கிறது’, ‘கின்றனர்’ என முடியும் ஒவ்வொரு வாக்கியத்திடமும் “எந்த நாளின் நிலவரம்?” என்று கேட்க வேண்டும். ஆய்வேடு தன் வாதத்தைத் தானே சொல்லும் வாக்கியமானால் நிகழ்காலம் இருக்கட்டும். களத்தில் கண்டதானால் ஆண்டோடு இறந்தகாலத்திற்குப் போகட்டும்: “2019இல் சந்தித்த நெசவாளர்கள் முன்பணம் பெற்றே பாவு ஏற்றினர்.” இன்றும் நீடிக்கும் நிலைமை என்று எண்ணினால் மீண்டும் சரிபார்க்க வேண்டும், வாரியத்தைப் பற்றிய வாக்கியம் அங்கேதான் பிடிபடும். ‘ஆராயப்படும்’, ‘விளக்கப்படும்’ என்பன பெரும்பாலும் பதிவின்போது கொடுத்த ஆய்வுத்திட்டத்தின் எச்சங்கள். செய்து முடித்த ஆய்வு இன்னும் வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

“தேர்வாளர்கள் வழவழப்பான நடையையே விரும்புகின்றனர், கால அவகாசமும் இல்லை” என்பது வழக்கமான மறுமொழி. அவகாசக் குறைவு உண்மை. ஆனால் ஒரு பக்க முடிவுகளை எழுத ஒரு பிற்பகல் போதும். வழவழப்பைப் பொறுத்தவரை, அதுவே ஆபத்து. மூன்றாம் ஆண்டில் கருதுகோள் மாறியிருந்தால் அந்த மாற்றம் ஆய்வின் பகுதி. முதல் இயலை முடிவறிந்த குரலில் திருத்தி எழுதி, தொடக்கத்திலிருந்தே எல்லாம் தெரிந்ததாகக் காட்டுவது, பிந்திய ஆண்டின் உறுதியை முந்திய ஆண்டின் அரைகுறைச் சான்றுக்குக் கடனாகக் கொடுப்பதாகும். சீரான குரல் அந்த மாற்றத்தை மறைக்காது. ஒரே இடத்தில் நின்று, “முதலில் இவ்வாறு கருதப்பட்டது, 2021இல் இந்தச் சான்று அதைத் தகர்த்தது” என்று கதையாகச் சொல்லும்.

நெறியாளர்கள் “நடை சீராக இருக்கிறதா?” என்று கேட்பதை நிறுத்தட்டும். மூன்றாம் இயலின் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வினைமுற்றில் விரல் வைத்து, அது எந்த நாளில் நிற்கிறது என்று கேட்கட்டும். விடை கிடைக்காவிட்டால் அந்த ஆய்வேடு இன்னும் முடியவில்லை.