விலை ஏறினால் கடை பெரிதாகிவிடுமா?

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் அரிசியும் விற்கும் சிறு கடையொன்றை எண்ணிப் பார்ப்போம். கடைக்காரர் ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார். அவர் தரும் பில்லில் வரிக்கான வரியே இராது. தாம் காம்போசிஷன் வரியாளர் என்றும், வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்றும் பில்லின் தலையில் எழுத வேண்டும். கடைப் பலகையிலும் முதற்பகுதி தெரிய வேண்டும்.

இதனால் பொருள் வரியின்றிக் கிடைக்கிறது என்று கருதுவது பிழை. மொத்த வணிகரிடம் மிளகு வாங்கும்போது அவர் கொடுத்த 5 சதவீத வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது விலைக்குள் அடங்கிவிடுகிறது. அதன் மேல், வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதத்தைத் தம் கையிலிருந்து அரசுக்குக் கட்டுகிறார். இலாபம் வந்ததா என்று அந்த 1 சதவீதம் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய இடர் வரம்பில் உள்ளது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடியைத் தாண்டும் நாளிலேயே திட்டம் முடிந்துவிடும். இக்கடை ஆண்டுக்கு 60 இலட்சத்துக்குச் சில்லறை அரிசியும், கிலோ 600 ரூபாய் வீதம் 12 டன் மிளகும் விற்றால் மொத்தம் 1.32 கோடி. மிளகு 800 ரூபாயானால், ஒரு கிலோகூடக் கூடுதலாக விற்காமலே 1.56 கோடி. மூட்டை பிரித்து விற்கும் அரிசிக்கு வரி இல்லை. ஆனால் வரம்பைக் கணக்கிடும்போது அதுவும் சேரும். கடைக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

மார்ச் நடுவில் வரம்பு தாண்டியதை ஜூனில் ஆண்டுக் கணக்கு எழுதும்போதுதான் அவர் அறிகிறார் என்று கொள்வோம். ஏழு நாளில் தந்திருக்க வேண்டிய CMP-04 படிவம் தரப்படவில்லை. இடைப்பட்ட மூன்று மாதங்களில் வரி வாங்காமல் விற்ற சுமார் 24 இலட்ச ரூபாய் மிளகுக்கு 5 சதவீத வரி, அதாவது ஒரு இலட்சத்துக்கு மேல், அவர் தலையில் விழுகிறது. வட்டியும் அபராதமும் தனி. வாடிக்கையாளரைத் தேடிப்போய் இனி வசூலிக்க இயலுமா? ஆகவே அரிசியையும் சேர்த்து மாதந்தோறும் மொத்தம் கூட்டிப் பார்ப்பதே அவருக்குத் தற்காப்பு.

ஆனால் குற்றம் அவருடைய கணக்கு நோட்டில் மட்டும் இல்லை. ஒன்றரைக் கோடி என்ற வரம்பு 2019 ஏப்ரல் 1 முதல் அசையாமல் நிற்கிறது, விலைகள் நிற்கவில்லை. சட்டமே அதை உச்சவரம்பாக வைத்திருப்பதால், ஜிஎஸ்டி கவுன்சில் தானாக அதற்கு மேல் உயர்த்த முடியாது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். வரம்பை உயர்த்தினால் பெரும் வணிகர் உள்ளே நுழைவர் என்று ஒன்றிய அரசு சொல்லலாம். விலைக் குறியீட்டுடன் இணைப்பது யாரையும் புதிதாக நுழைக்காது. வளராத கடையை வளர்ந்ததாகக் கணக்கிடும் அநீதியை நிறுத்தும், அவ்வளவே. வரியில்லா உணவுப் பொருளை வரம்புக் கணக்கிலிருந்து நீக்குவதையும் சேர்த்து, இவ்விரு கோரிக்கைகளையும் சிறுவணிகரிடையே பணியாற்றும் தோழர்கள் முன்வைக்க வேண்டும்.