வீட்டு மின்சாரம்: ஒரு காற்றாடிக்கு எத்தனை தீனி?

2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெருவெள்ளம் வந்தபோது ஷா ஆலம், கிள்ளான் பக்கம் பல வீடுகள் இருளில் கிடந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு கிள்ளானில் இருக்கும் என் அக்காள், ஒரு கார் பேட்டரியும் 1000 வாட் இன்வெர்ட்டரும் வாங்கி வைத்தார். சென்ற மாதம் மின்சாரம் தடைப்பட்ட இரவில் மேசைக் காற்றாடி ஒன்றை மட்டும் ஒன்பதரைக்குப் போட்டிருக்கிறார். நாலரைக்கெல்லாம் நின்றுவிட்டது.

"பேட்டரி கெட்டுப் போச்சா தம்பி?" என்று கேட்டார்.

பேட்டரியின் மேல் 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. பெருக்கினால் 540 வாட்-மணி. காற்றாடி 50 வாட். பதினோரு மணி நேரம் ஓட வேண்டும் என்பது அக்காள் போட்ட கணக்கு. இன்வெர்ட்டரின் சாப்பாட்டை அவர் சேர்க்கவில்லை.

மறுநாள் பேட்டரியின் தடித்த கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். (நேர்மின்சாரத்தையும் அளக்கிற மீட்டராக இருக்க வேண்டும், மற்றது சுழியம்தான் காட்டும்.) காற்றாடியைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் போட்டேன். ஒரு வேலையும் இல்லாமலே 1.6 ஆம்பியர் இழுத்தது. அதாவது சுமார் 19 வாட். காற்றாடியை ஓடவிட்டதும் 6.3 ஆம்பியர், சுமார் 75 வாட். காற்றாடிக்குப் போனது 50, விழித்திருப்பதற்கு 19, 12 வோல்ட்டை 240 ஆக்குவதில் சூடாகப் போனது மிச்சம் ஆறு. 540-ஐ 75 ஆல் வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். பேட்டரி மேல் குற்றமில்லை!

பெரிய இன்வெர்ட்டர் பெரிய சுமைக்குத்தான் பொருந்தும். 600 வாட் ஓடும்போது அந்த 19 வாட் கண்ணுக்கே தெரியாது. ஒற்றைக் காற்றாடிக்கு அது பெரும் பங்கு. காற்றாடியை மெதுவாக ஓடவிட்டாலும் அந்தப் 19 குறையாது. சில இன்வெர்ட்டர்களில் தூங்கும் வசதி உண்டு. ஆனால் சிறு சுமையை உணராமல் காற்றாடியை நிறுத்தி நிறுத்திப் போடும்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நண்பரிடம் 150 வாட் இன்வெர்ட்டர் ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 0.4 ஆம்பியர்தான். காற்றாடியோடு மொத்தம் 60 வாட். ஒன்பது மணி நேரம் கணக்காகிறது. ஆனால் கார் பேட்டரியைத் தரைதட்டும்வரை இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். பாதியோடு நிறுத்தினால் நாலரை மணி நேரந்தான்.

இன்வெர்ட்டரே வேண்டாம் என்று 12 வோல்ட்டிலேயே ஓடும் 20 வாட் காற்றாடி ஒன்றை வாங்கச் சொன்னேன். பேட்டரியில் பாதியிலேயே பதின்மூன்று மணி நேரம் ஓடும். காற்று கொஞ்சம் குறைவுதான். "பரவாயில்லை, கொசு பறந்தால் போதும்" என்றார் அக்காள்.