தலைவலி மாத்திரையே தலைவலி கொடுக்கும்போது

1/ மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை போடுறதுல ரெண்டு தப்பு நடக்குது. ரொம்ப லேட்டா போடுறோம். அதனாலயே ரொம்ப அடிக்கடி போடுறோம்.

2/ ஓபி-க்கு ஒரு அக்கா வந்தாங்க. வயசு 36, தையல் வேலை. முன்னாடி மாசத்துல 3 நாள் வந்த வலி, இப்ப 20 நாள். பையில பாராசிட்டமாலும் காஃபீனும் கலந்த மாத்திரை அட்டை. தினமும் காலைல ஒண்ணு. "போடலன்னா வலிக்குது டாக்டர்" என்றார்.

3/ ஆரம்பத்துல அவங்க மாத்திரையைத் தள்ளிப்போட்டு, மதியம் வாந்தி வர்ற வரைக்கும் பொறுத்துப்பாங்க. மைக்ரேன் வரும்போது இரைப்பையோட வேகம் குறையும். லேட்டா போட்ட மாத்திரை அங்கயே தங்கிடும். வலி குறையாது. சாயங்காலம் இன்னொண்ணு, ராத்திரி இன்னொண்ணு.

4/ சரியான முறை என்ன? ஒரு பக்கம் விண்விண்ணுன்னு தெறிக்குது, வெளிச்சம் கூசுது, குமட்டுது. இது வழக்கமா வர்ற மைக்ரேன்தான்னு தெரிஞ்சதும் போட்டுடுங்க. 50 கிலோவுக்கு மேல இருக்கும் பெரியவங்களுக்கு பாராசிட்டமால் 500 மி.கி. ரெண்டு மாத்திரை. தேவைன்னா 6 மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்தது. கல்லீரல் பிரச்சினை இருந்தா, தினமும் குடிக்கிறவரா இருந்தா, டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.

5/ அப்புறம் விளக்கை அணைச்சு, போனைத் தள்ளி வச்சுட்டுப் படுங்க. வாந்தி இருந்தா தண்ணி, ஓஆர்எஸ், கஞ்சித் தண்ணி எதுவானாலும் வாய் வாயா குடிங்க. ஒரே மூச்சுல குடிச்சா திரும்ப வந்துடும்.

6/ சீக்கிரம் போடணும்னா எல்லா தலைவலிக்கும் போடணும்னு அர்த்தமில்ல. வாரத்துக்கு 2 நாள், அதுக்கு மேல வேண்டாம். கலவை மாத்திரையை மாசம் 10 நாளோ, வெறும் பாராசிட்டமாலை 15 நாளோ, மூணு மாசத்துக்கு மேல போட்டா மாத்திரையே தலைவலியை வளர்க்கும். போட்ட நாளையெல்லாம் காலண்டர்ல வட்டம் போடுங்க.

7/ அக்காவுக்கு அந்த மாத்திரையை நிறுத்தி, வலி வராம தடுக்கிற வேற மருந்து கொடுத்தோம். முதல் வாரம் வலி கூடும்னு முன்னாடியே சொல்லிட்டோம், கூடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு காலண்டரோட வந்தாங்க. அந்த மாசம் 5 வட்டம்தான்.

8/ திடீர்னு இடி விழுந்த மாதிரி வலி, கை கால் இழுக்குது, பேச்சு குழறுது, காய்ச்சலோட கழுத்து விறைக்குது, 50 வயசுக்கு மேல புதுசா வர்ற வலி, கர்ப்ப காலத்துல வர்ற வலி: இதுக்கெல்லாம் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வாங்க.

9/ என் ஆதங்கம் இதுதான். மெடிக்கல்ல "தலைவலிக்கு ஒரு அட்டை"ன்னு கேட்டா உடனே கிடைக்குது. "இந்த மாசம் எத்தனை நாள் போட்டீங்க?"ன்னு யாரும் கேக்கறதில்ல. ஓபி அவசரத்துல நாங்களும் சில நேரம் கேக்கறதில்ல. அதனால அடுத்த முறை அட்டையைப் பிரிக்கும்போது, அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கோங்க.