இரவு 12.33 எந்த நாளைச் சேர்ந்தது?

தீபாவளிக்கு முந்தைய இரவில் தேக்காவில் நடக்கக்கூட இடம் இருக்காது. அன்று எம்ஆர்டி, பேருந்துச் சேவைகளின் நேரம் நீட்டிக்கப்படுவதுண்டு. அதற்கான அறிவிப்பைப் பத்தியாகப் படிப்பது சிரமம் என்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அதை அட்டவணையாக மாற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைப்பேசியில் நினைவூட்டலும் வைத்தேன். அது ஒரு நாள் முன்னதாக, வீட்டில் எல்லாரும் தூங்கும்போது ஒலித்தது. வேண்டிய இரவில் ஒலிக்கவில்லை. பாட்டியும் நானும் டாக்சியில் வீடு திரும்பினோம். அறிவிப்பு சரியாகத்தான் இருந்தது. பிழை என் அட்டவணையில்.

எப்படி நடந்தது என்பதை ஒரு மாதிரிப் பத்தி மூலம் காட்டுகிறேன். இதை நானே எழுதினேன், நேரங்கள் கற்பனை:

“அக்டோபர் 19ஆம் தேதி பொங்கோல் கோஸ்ட் செல்லும் கடைசி ரயில் தோபி காட்டிலிருந்து இரவு 12.30 மணிக்குப் புறப்படும். லிட்டில் இந்தியாவிலிருந்து 12.33க்கும் சிராங்கூனிலிருந்து 12.45க்கும் புறப்படும். ஹார்பர்ஃபிரண்ட் செல்லும் கடைசி ரயில் பொங்கோல் கோஸ்ட்டிலிருந்து 11.56க்குப் புறப்படும். பொங்கோலில் இணைப்புப் பேருந்துகள் கடைசி ரயில் வந்த பின் கிளம்பும்.”

முதலில் திசையைப் பிரிக்க வேண்டும். ஹார்பர்ஃபிரண்ட் ரயிலுக்குத் தனி அட்டவணை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால், அவசரத்தில் பார்ப்பவர் எதிர்த்திசை ரயிலின் நேரத்தைத் தன்னுடையதாக நினைத்துவிடுவார். நம் திசைக்கு இவ்வளவுதான் எஞ்சும்:

| நிலையம் | புறப்பாடு | உண்மையான நாள் |
|---|---|---|
| தோபி காட் | 12.30 | அக். 20 அதிகாலை |
| லிட்டில் இந்தியா | 12.33 | அக். 20 அதிகாலை |
| ஃபேரர் பார்க் | – | |
| சிராங்கூன் | 12.45 | அக். 20 அதிகாலை |
| பொங்கோல் | – | |

மூன்றாவது பத்தியில் வரும் நாள்தான் என் அட்டவணையில் இல்லாதது. “19ஆம் தேதி இரவு 12.33” என்று பேச்சில் சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை. கடிகாரத்துக்கோ அது 20ஆம் தேதி. நான் விரிதாளில் ‘19/10 00:33’ என்று தட்டினேன். கணினிக்கு அது 18ஆம் தேதி பின்னிரவு. நேரப்படி வரிசைப்படுத்தியதும் கடைசி ரயில் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. கடைசியில் இருக்க வேண்டியது முதலில் நிற்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு பார்வையே போதுமான சோதனை.

போக்குவரத்துத் தரவுகளைக் கையாள்பவர்களுக்கு இது பழைய தலைவலி. உலகெங்கும் பயன்படும் GTFS என்னும் தரவு வடிவத்தில் சேவை நாள் நள்ளிரவில் முடிவதில்லை. நம் ரயிலை அதில் 19ஆம் தேதியின் கீழ் `24:33:00` என்று எழுதுவார்கள். ரயில் அந்த நாளின் சேவையிலேயே இருக்கும், வரிசையிலும் கடைசியாகவே நிற்கும். பாட்டிக்கு அனுப்பும் அட்டவணையில் 24.33 என்று எழுத முடியாதுதான். அவருக்கு “ஞாயிறு இரவு, 12 மணி தாண்டி 33 நிமிடம்” என்று எழுதினால் போதும்.

இன்னொன்று, காலியான கட்டங்கள். அவற்றைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். லிட்டில் இந்தியாவிலிருந்து சிராங்கூன் 5 நிறுத்தம், 12 நிமிடம். ஆக ஃபேரர் பார்க் 12.35 என்று கணக்குப் போட்டு நிரப்பத் தோன்றும். நிலையங்களுக்கு இடையிலான தூரம் ஒரே அளவில் இல்லை. ஃபேரர் பார்க் மிக அருகில் இருக்கிறது. ரயில் அதற்கு முன்பே போய்விடலாம், அடுத்த ரயிலும் கிடையாது. நிரப்பிய எண்ணுக்கும் அறிவிப்பில் வந்த எண்ணுக்கும் அட்டவணையில் தோற்றத்தில் வேறுபாடே இருக்காது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. பத்தியாக இருந்தவரை ஃபேரர் பார்க் நேரம் சொல்லப்படவில்லை என்றாவது தெரிந்தது.

எனவே கோடு கோடாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஃபேரர் பார்க்கில் ஏறுபவர் முந்தைய நிலையத்தின் 12.33ஐயே தன் நேரமாகக் கொள்ளலாம். லிட்டில் இந்தியாவை விட்டுக் கிளம்பாத ரயில் ஃபேரர் பார்க்கைத் தாண்டியிருக்க முடியாது. இணைப்புப் பேருந்துக்கும் நேரம் போடக்கூடாது. “ரயில் வந்த பின்” என்று அட்டவணைக்குக் கீழே அப்படியே எழுதிவிடலாம், ரயில் தாமதமானாலும் அந்த வரி சரியாகவே இருக்கும்.

சென்ற தீபாவளிக்கு நான் அனுப்பிய அட்டவணையில் மூன்று கோடுகள் இருந்தன. “பாதிதான் முடித்திருக்கிறாயா?” என்று மாமா கேட்டார். “தெரிந்தது அவ்வளவுதான் மாமா” என்றேன்.