பேப்பர் கப்புக்குள் பிளாஸ்டிக்! சூடான டீயோடு உள்ளே போவது என்ன?

காஞ்சீபுரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே டீக்கடை பாய்லர்கள் கொதிக்கத் தொடங்கிவிடுகின்றன.

பஸ் நிலையத்தில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள். காந்தி ரோட்டில் பட்டுக்கடை சிப்பந்திகள். பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காரப் போகும் நெசவாளிகள். கோவிலுக்கு வந்த வெளியூர் பக்தர்கள். எல்லோர் கையிலும் டீ.

முன்பெல்லாம் அது கண்ணாடி கிளாசில் இருந்தது. இப்போது பல கடைகளில் பேப்பர் கப்பில் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்த பிறகு, "எச்சில் கிளாஸ் வேண்டாம்ப்பா, கப்புல குடு" என்று கேட்கிற பழக்கம் வலுத்துவிட்டது.

கப் சுத்தமானது, பேப்பர்தானே, கெடுதல் இல்லை என்பது ஜனங்களின் எண்ணம். அந்த எண்ணத்தில்தான் கோளாறு இருக்கிறது. பேப்பர் கப் வெறும் பேப்பர் இல்லை!

உள்ளே ஒரு தோல்

வெறும் பேப்பரில் டீயை ஊற்றினால் என்ன ஆகும்? ஊறும். ஒழுகும். கையைச் சுடும். அதனால் கப்பின் உள்பக்கம் முழுவதும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுகிறது. பெரும்பாலும் அது பாலிதீன். பால் பாக்கெட்டும் கேரி பேக்கும் செய்கிற அதே ஜாதி.

படலத்தின் கனம் சுமார் 20 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலால் தடவினால் வழவழப்பு மட்டும் தெரியும்.

இந்தப் படலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கப்பின் பக்கவாட்டுத் தையலையும், அடியில் இருக்கும் வட்டத்தையும் ஒட்டுவதற்குத் தனியாகப் பசை தடவுவதில்லை. மெஷினில் சூடு காட்டி அழுத்தினால் பிளாஸ்டிக் இளகிப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்தான் பசை. ஆகவே, "படலத்தை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் கப் செய்யுங்களேன்" என்று சொன்னால் லேசில் நடக்காது.

சந்தேகம் உள்ளவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு கப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். விளிம்பைக் கிழித்து, பேப்பரை மெதுவாகத் தேய்த்து உரியுங்கள். பேப்பர் கூழாகப் போய்விடும். கையில் கண்ணாடி போல ஒரு தோல் மிஞ்சும். அதுதான் விஷயம்!

கரக்பூரில் நடந்த சோதனை

கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுதா கோயலும் அவருடைய ஆய்வு மாணவர்களும் இந்தத் தோலைத்தான் சோதித்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது.

சோதனை எளிமையானது. சுத்திகரித்த தண்ணீரை 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கினார்கள். பேப்பர் கப்பில் 100 மில்லி ஊற்றினார்கள். 15 நிமிடம் விட்டார்கள். பிறகு அந்தத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினார்கள்.

100 மில்லித் தண்ணீரில் சுமார் 25 ஆயிரம் பிளாஸ்டிக் துகள்கள்! ஒவ்வொன்றும் மைக்ரான் கணக்கில் இருக்கும் பொடி. நாளைக்கு 3 கப் குடிக்கிறவர் வயிற்றுக்குள் 75 ஆயிரம் துகள்கள் போகலாம் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள்.

பாலிதீன் உருகுவதற்கு 100 டிகிரிக்கும் மேலே சூடு வேண்டும். டீ அவ்வளவு சூடு இல்லை. அப்படியானால் துகள் எப்படி வருகிறது?

படலம் உருகுவதில்லை. சூட்டில் தளர்கிறது. அதன் மேற்பரப்பு அரித்துச் சிறு சிறு துணுக்குகளாகப் பிரிந்து டீயில் கலக்கிறது. படலத்தைத் தனியாக உரித்தெடுத்துச் சுடுதண்ணீரில் போட்டும் அவர்கள் பார்த்தார்கள். சூடு பட்ட படலம் பழைய படலமாக இல்லை.

2022-ல் அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிலையத்து விஞ்ஞானிகளும் இதே மாதிரிக் கப்புகளைச் சோதித்தார்கள். அவர்கள் தேடியது இன்னும் பொடியான துகள்களை. ஒரு லிட்டருக்கு லட்சம் கோடிக் கணக்கில் இருந்தன. ஆனால் அத்தனையும் சேர்ந்தாலும் எடை மிகச் சொற்பம். அந்த நாட்டு உணவுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள்தான் அது இருந்தது.

பயப்பட வேண்டுமா?

இங்கே நிதானம் வேண்டும். "பேப்பர் கப்பில் குடித்தால் இன்ன வியாதி வரும்" என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீரில் உள்ள பிளாஸ்டிக் துகள்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கிடைத்துள்ள ஆதாரம் போதாது, மேலும் ஆராய வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

கரக்பூர் கணக்கும் 15 நிமிடக் கணக்கு. பஸ்சைப் பிடிக்க ஓடுகிறவர் 5 நிமிடத்தில் குடித்துவிட்டுக் கப்பை வீசுகிறார். அவருக்கு அதே எண்ணிக்கை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சோதனை ஒரு பாடத்தைத் தெளிவாகச் சொல்கிறது. சூடும் நேரமும்தான் எதிரிகள். டீ எவ்வளவு சூடோ, எவ்வளவு நேரம் கப்பில் நிற்கிறதோ, அவ்வளவுக்குப் படலம் பாதிக்கப்படும்.

இதை வைத்துக் காஞ்சீபுரத்து ஆட்களைப் பாருங்கள். பஸ் நிலையத்தில் நிற்பவரை விட, கடைக்குள் வேலை பார்ப்பவருக்குத்தான் கவலை அதிகம். பட்டுக்கடை கல்லாவில் கணக்கு எழுதும் குமாஸ்தா டீயை ஓரமாக வைத்துவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கிறார். கால் மணி கழித்துத்தான் குடிக்கிறார். நாளைக்கு 4 டீ, 5 டீ. கரக்பூர் சோதனை அப்படியே அவர் மேஜை மேல் நடக்கிறது!

பார்சல் டீ இதைவிட மோசம். கொதிக்கிற டீயை பாலிதீன் பையில் ஊற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுக்கிறார்கள். அதைத் தெருத் தெருவாகச் சுமந்து போய், மறுபடியும் பேப்பர் கப்பில் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டிக்கோடு டீக்கு இரண்டு முறை உறவு!

தடை இருக்கிறதே!

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சரக்கு.

2018-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. கேரி பேக், உறிஞ்சு குழல், தண்ணீர் பாக்கெட் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கப் தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பேப்பர் கப் மீதான தடை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் கப் கடைக்கு வருகிறது என்றால் அது வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ மெஷினில் செய்கிறார்கள். லாரியில் வருகிறது. மொத்தக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். அங்கே விட்டுவிட்டு, ரோட்டோரத்தில் பாய்லர் வைத்துப் பிழைப்பவனிடம் நான்கு கட்டுக் கப்பைப் பறிமுதல் செய்வதால் என்ன பலன்? குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற கதைதான்!

கடைக்காரர் கஷ்டம்

டீக்கடைக்காரரைக் குறை சொல்வது சுலபம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிளாஸ் என்றால் உடையும். கழுவ ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் வேண்டும்.

ஜனங்கள் கிளாசை வெறுத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே வாளித் தண்ணீர். காலையில் பிடித்தது. நூறு கிளாஸ் அதில்தான் முங்கி எழுகிறது. அதைப் பார்த்தவன் கப்தான் கேட்பான்.

ஆனால் மருந்து கடையிலேயே இருக்கிறது. அதுதான் பாய்லர்! நாள் முழுவதும் கொதிக்கிற தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, எச்சில் கிளாசுக்கு ஏன் பயம்? முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியில் பாய்லர் சுடுதண்ணீரைக் கிளாசுக்குள் ஊற்றிச் சுழற்றிக் கொட்ட வேண்டும். அதையும் வாடிக்கையாளர் கண்ணெதிரே செய்ய வேண்டும். "கப்புல குடு" என்கிற குரல் தானாகக் குறையும்.

வாடிக்கையாளர்களும் கொஞ்சம் மாற வேண்டும். கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்து குடிப்பவர்கள் சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்ளலாம். பார்சலுக்குத் தூக்கோ பிளாஸ்கோ கொடுத்தனுப்பலாம். கப்பில்தான் குடித்தாக வேண்டும் என்றால், "மாஸ்டர், நல்லா ஆத்தி ஊத்துங்க" என்று சொல்லலாம். ஆற்றினால் சூடு இறங்கும். வாங்கியதும் குடித்துவிட வேண்டும். வைத்துக்கொண்டு கதை பேசக் கூடாது.

"இது மக்கும் கப்" என்று சில இடங்களில் விற்கிறார்கள். அதற்குள்ளேயும் ஏதோ ஒரு படலம் இருந்தே தீரும். இல்லாவிட்டால் டீ நிற்காது. என்ன படலம் என்று கேட்டு வாங்குவது நல்லது.

மாநகராட்சி செய்ய வேண்டியது

காஞ்சீபுரம் இப்போது மாநகராட்சி. டீக்கடைகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் கிளாஸ் கழுவக் குழாய் போட்டுத் தர முடியாதா? தண்ணீர் கொடுத்துவிட்டுத் தடையைப் பேசினால் கடைக்காரர் கேட்பார். தண்ணீரும் இல்லை, கப்பும் கூடாது என்றால் அவர் எங்கே போவார்?

வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் கோவிலைச் சுற்றி ஜனம் அலைமோதும். டீ, காபி, மோர் என்று தர்மம் செய்கிறவர்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே, கழுவி உபயோகிக்கும் டம்ளர்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். எறிந்த கப்பைப் பழைய பேப்பர்க்காரரும் எடுப்பதில்லை. பேப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடப்பதால் அவருக்கு அது காசாவதில்லை. கடைசியில் சாக்கடையைத்தான் அடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதலில், அதிகாரிகள் மொத்தக் கடைகளின் கதவைத் தட்ட வேண்டும். சுப்ரீம் கோர்ட்டே சரி என்று சொன்ன தடையை அமுல் நடத்த இன்னும் யாருடைய உத்தரவு வேண்டும்?