கால்குலேட்டர் காட்டுவதெல்லாம் விடையா?

அம்பத்தூரில் என் பேத்திக்கு அறிவியல் ஒப்படைப்பு. பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ளது, கிலோமீட்டரில் எழுதுக. ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கி.மீ. என்று பெருக்கி, "சுமார் 40.1 லட்சம் கோடி கி.மீ." என எழுதினாள். ஒரு மதிப்பெண் போச்சு! 40113497203742.592 என்று எழுத வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 4.24 என்றால் 4.235-க்கும் 4.245-க்கும் நடுவில் எங்கோ ஓரிடம். அந்த 0.005 ஒளியாண்டே சுமார் 4,730 கோடி கி.மீ. ஒரு வானியல் அலகு, அதாவது பூமியிலிருந்து சூரியன் வரை, 15 கோடி கி.மீ. தான். அதுபோல் முந்நூறு மடங்குக்கு மேல் நிச்சயமில்லாதபோது கடைசியில் .592 எதற்கு? ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு எவ்வளவு தூரம் என்றால் மில்லிமீட்டரிலா சொல்வோம்?

நிஜமான தப்பு வேறு. 9.46 × 10¹⁵ என்பது மீட்டர், கி.மீ. என்றால் 10¹². பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடுவார்கள், விடை ஆயிரம் மடங்காகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். விடையை 15 கோடியால் வகுத்தால் சுமார் 2.7 லட்சம் வானியல் அலகு வர வேண்டும். 27 கோடி வந்தால் மீட்டர் புகுந்துவிட்டது. மதிப்பெண்ணைக் குறைப்பதானால் அங்கே குறையுங்கள், டீச்சரம்மா.